குளியலறைத் தண்ணீருக்கு 50ஆ, 75ஆ?

கல்லடியில் அக்கா வீட்டுக்குக் குளியலறை பைப் போடும்போது எழுந்த கேள்வி இது. பேசின், ஷவர், தரைத் துளை மூன்றின் தண்ணீரும் ஒரே பைப்பில் சேர்ந்து 9 மீற்றர் தூரத்திலுள்ள ஊறுகுழிக்குப் போகவேண்டும். மேசன் 50 மில்லிமீற்றர் பைப் போதும் என்றார். நான் 75 கேட்டேன்.

ஷவர் மட்டும் ஓடினால் மேசன் சொன்னது சரிதான். ஆனால் நம் ஆட்கள் வாளியால் அள்ளி ஊற்றிக் குளிப்பவர்கள், கடைசியில் மிச்சத்தைத் தரையில் கவிழ்ப்பார்கள். 40க்கு 1 வாட்டத்தில் 50 பைப் முழுதாக நிரம்பி ஓடினாலும் செக்கனுக்கு ஏறத்தாழ 1.2 லீற்றர்தான் போகும். மீதி தரையில் தேங்கி நிற்கும்.

உண்மையான சிக்கல் வாட்டம். 50 பைப்புக்கு 40க்கு 1 என்று வைத்தால் 9 மீற்றரில் 22.5 சென்ரிமீற்றர் இறங்கவேண்டும். 75க்கு 80க்கு 1 போதும், அதில் 11 சென்ரிமீற்றர்தான். நிறைய ஓடும்போது இரண்டிலும் வேகம் செக்கனுக்குச் சுமார் 0.7 மீற்றர், மண்ணும் சவர்க்கார அழுக்கும் அள்ளிக்கொண்டு போகும். 75 அதைவிட இரு மடங்கு தண்ணீரையும் தாங்கும்.

இந்த 11 சென்ரிமீற்றர் வித்தியாசம் மேட்டு நிலத்தில் ஒன்றுமில்லை. தாழ்ந்த கடற்கரை நிலமான கல்லடியில் அப்படியில்லை. தரைத் துளையின் அடியில் தண்ணீர் நின்று நாற்றத்தை மறிக்கும் ட்ராப்பின் வெளிவாய் தரைக்கு 20 சென்ரிமீற்றர் கீழே. 50 பைப் ஊறுகுழியை அடையும்போது தரையிலிருந்து 42 ஆழம், 75 என்றால் 31. மார்கழி மழையில் அந்தக் குழியில் தண்ணீர் தரைக்கு 38 சென்ரிமீற்றர் கீழே வரை ஏறும். அப்போது 50 பைப்பின் வாய் மூழ்கிவிடும், 75 தப்பும். ஆனால் மேலோட்டமாகப் போகும் பைப் வண்டி ஏறி உடையாமல் கொங்கிரீற் போட்டு மூடவேண்டும்.

அப்படியானால் 110 போட்டால் இன்னும் நல்லதா? மெல்லிய ஷவர் ஓட்டம் அகன்ற பைப்பில் பரந்து தளர்ந்துவிடும், கடற்கரை மணல் அங்கேயே படியும். பெரிய பைப் என்று வாட்டத்தைக் கைவிடுபவர்களும் உண்டு, அது இன்னும் மோசம்.

பேசினுக்கு மட்டும் 40 மில்லிமீற்றர் போதும், 3 மீற்றருக்குள் முடியவேண்டும். அதைத் தரை ட்ராப்புக்குள் இறக்கினோம். யாரும் குளிக்காத நாளிலும் கை கழுவும் தண்ணீர் ட்ராப்பைக் காயவிடாது, நாற்றமும் ஏறாது.

80க்கு 1 வாட்டம் பார்க்க 1 மீற்றர் ரசமட்டத்தின் கீழ்ப்பக்க நுனியில் 12.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகைத் துண்டைக் கட்டினால் போதும், குமிழ் நடுவில் நிற்கவேண்டும். மூடுமுன் ஒரு வாளி ஊற்றி, ரோர்ச் அடித்துப் பார்த்தோம். நடுவில் ஓரிடத்தில் தண்ணீர் குளம்போல் நின்றது. அடியில் மணலை நனைத்து இடிக்காமல் பைப்பை வைத்ததால் அது தொங்கியிருந்தது.