மீட்ட கணக்கில் கார்டை நீக்குவதா, மாற்றுவதா, ஆட்டோ-பே அனுமதியை ரத்து செய்வதா?

ஊடுருவியவரிடமிருந்து இணையக் கணக்கை மீட்டுக் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றிய பிறகு, அதன் வழியாகப் பணம் போவதைத் தடுக்க மூன்று வழிகள் இருக்கின்றன. கணக்கில் சேமித்த கார்டை நீக்கலாம். வங்கியிடம் சொல்லிக் கார்டையே மாற்றலாம். ஆட்டோ-பே அனுமதிகளை ரத்து செய்யலாம். பலர் முதல் இரண்டில் ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள். என் கணிப்பில் முதலில் செய்ய வேண்டியது மூன்றாவதுதான்.

கார்டை நீக்குவது மிக எளிது. அந்தக் கணக்கிலிருந்து புதிதாகப் பொருள் வாங்குவதை அது உடனே தடுக்கிறது. ஆனால் அது தடுப்பது இனி வரும் வாங்குதல்களை மட்டுமே. ஏற்கெனவே கொடுத்துவிட்ட ஆர்டரும், வங்கி ஒதுக்கி வைத்துவிட்ட தொகையும், வேறொரு நிறுவனத்துக்குத் தந்த மாதாந்திர அனுமதியும் அப்படியே இருக்கக்கூடும். பேபால் போன்ற சேவைகளில் இது தெளிவாகத் தெரியும்: அங்கே ஆட்டோ-பே அனுமதி கார்டின் பெயரில் இல்லாமல் கணக்கின் பெயரில் இருப்பதால், ஒரு கார்டை நீக்கினால் அடுத்த கார்டிலிருந்தோ வங்கிக் கணக்கிலிருந்தோ பணம் எடுக்கப்படலாம். நீக்க முயலும்போது ‘இந்தக் கார்டு ஒரு சந்தாவில் பயன்பாட்டில் இருக்கிறது’ என்று தளம் மறுத்தால், அந்த மறுப்பே நல்ல தடயம். நீங்கள் தொடங்காத சந்தா ஒன்று அங்கே இருக்கலாம்.

கார்டை மாற்றுவது இதைவிடக் கடுமையான நடவடிக்கை என்பதால் முழுப் பாதுகாப்பு என்று தோன்றும். நடைமுறை அப்படி இல்லை. விசாவும் மாஸ்டர்கார்டும் புதுப்பிக்கப்பட்ட கார்டு விவரத்தை, பங்கேற்கும் வங்கிகளிடமிருந்து பெற்று வணிகர்களுக்குத் தெரிவிக்கும் சேவைகளை நடத்துகின்றன. சந்தா நின்றுபோகாமல் இருப்பதற்காக ஏற்பட்ட அந்த வசதி, ஊடுருவியவர் தொடங்கிய சந்தாவையும் புதிய எண்ணுக்குக் கொண்டுசென்றுவிட முடியும். கார்டு எண்ணுக்குப் பதிலாக வணிகர் வைத்திருக்கும் டோக்கனும் கார்டு மாறிய பிறகு தொடர்ந்து செல்லுபடியாகலாம். எனவே மாற்றும்போது, பழைய கார்டோடு இணைந்த தொடர் கட்டணங்களையும் நிறுத்தும்படி வங்கியிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

எப்போது மாற்றுவது அவசியம்? வணிகத் தளங்கள் பெரும்பாலும் கார்டின் கடைசி 4 இலக்கங்களையே காட்டுவதால், ஊடுருவியவர் கார்டை அந்தக் கணக்குக்குள் பயன்படுத்தியிருக்கலாமே தவிர, எண்ணை வெளியே எடுத்துச் சென்றிருக்க வாய்ப்புக் குறைவு. உலாவியில் தானாக நிரம்பும் கார்டுகளைச் சேமிக்கும் கணக்கு பறிபோயிருந்தாலோ, கார்டின் படம் மின்னஞ்சலில் இருந்திருந்தாலோ, அந்தக் கணக்கோடு தொடர்பற்ற வணிகரிடம் பற்று விழுந்திருந்தாலோ தாமதிக்காமல் மாற்ற வேண்டும். சிறு தொகையில் வரும் அறியாத பற்றையும் அலட்சியப்படுத்தக் கூடாது. கார்டு செல்லுபடியாகிறதா என்று சோதிப்பவர்கள் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

ஒரு கடைக் கணக்கை எடுத்துக்கொள்வோம்: உங்கள் இரண்டு கார்டுகள், உங்கள் வீட்டு முகவரி, அறியாத முகவரி ஒன்று, அறியாத மாதச் சந்தா ஒன்று, இன்னும் அனுப்பப்படாத ஆர்டர் ஒன்று. எதையும் நீக்குவதற்கு முன் இவை அனைத்தையும் திரைப்பிடிப்பாக எடுத்து வைக்க வேண்டும். அறியாத முகவரி, பற்றை மறுத்து வங்கியிடம் முறையிடும்போது வலுவான சான்றாகும். அடுத்து ஆர்டரை ரத்து செய்ய வேண்டும், ஏனெனில் முகவரிப் பட்டியலில் ஒன்றை நீக்குவதால் ஏற்கெனவே கொடுத்த ஆர்டரில் பதிந்த முகவரி பொதுவாக மாறுவதில்லை. பிறகு சந்தாவை ரத்து செய்து உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைச் சேமிக்க வேண்டும். அதன் பின்னரே கார்டுகளை நீக்கலாம். இந்த வரிசை முக்கியம்: கார்டு போனபின் சில தளங்களில் சந்தா எந்தக் கார்டில் தொடங்கப்பட்டது என்பதைக் கண்டறிவது கடினமாகிவிடும்.

முகவரியை நீக்கும்போது, இயல்புநிலை முகவரி எது என்பதையும் ஒரே சொடுக்கில் வாங்கும் அமைப்பு எந்த முகவரியோடு இணைந்திருக்கிறது என்பதையும் தனியே பார்க்க வேண்டும். ஊடுருவியவர் அறியாத கார்டு ஒன்றைச் சேர்த்திருந்தால், அது வேறொருவரிடம் திருடியதாக இருக்கலாம். அதைப் பயன்படுத்தாமல் தளத்தின் உதவிப் பிரிவுக்குத் தெரிவித்துவிட்டு நீக்குங்கள்.

அடுத்த மாத வங்கி அறிக்கையில் எதுவும் வராததை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆண்டுச் சந்தா அடுத்த பற்றை ஓராண்டு கழித்தே வைக்கும். இலவசச் சோதனையாகத் தொடங்கிய சந்தா, அந்தக் காலம் முடியும்வரை அறிக்கையில் கண்ணில் படாது. ஆகவே அறிக்கையோடு, கணக்கிலும் வங்கிச் செயலியிலும் இருக்கும் ஆட்டோ-பே அனுமதிப் பட்டியலையே திறந்து, ஒவ்வொரு பெயரும் நீங்கள் தந்ததுதானா என்று பார்க்க வேண்டும்.