நாக்குக்கு அல்ட்ராசவுண்ட்: பெட்டி எப்ப பொட்டி ஆகுது? சில வருச அனுபவம்

தாடைக்கு அடியில அல்ட்ராசவுண்ட் புரோப்ப வச்சி, பேசும்போது நாக்கு எப்படி அசையுதுன்னு படம் புடிக்க வேலைய நம்ம திருநெல்வேலி பேச்சுக்காக சில வருசமா செஞ்சிட்டு வாரேன். இத வச்சி என்னதான் பாக்க முடியும்னு மொழியியல் படிக்க பிள்ளைங்க கேக்குதாங்க, அதனால நான் ரொம்ப நாளா பாத்துட்டு இருக்க ஒரே ஒரு விசயத்த வச்சி சொல்லுதேன்.

நாம பெட்டிய பொட்டிங்கோம், பிடிய புடிங்கோம், பெண்ணு பொண்ணாயிருச்சு, பிள்ளை புள்ளயாயிருச்சு. ஆனா பெத்தவ பெத்தவளாவே இருக்கா, பேத்தியும் பேத்திதான். பொட்டி, புடி, பொண்ணு, புள்ள எல்லாத்துலயும் முன்னாடி உதடு மூடுற ப இருக்கு, பின்னாடி நாக்கு மேல மடியுற ட, ண, ள இருக்கு, நடுவுல எ-யோ இ-யோ மாட்டிக்கிட்டு ஒ, உ ஆயிருது. ஏன்னா நாம ஒரு ஒலிய முடிச்சிட்டு அடுத்தத ஆரம்பிக்கதில்ல. ட-வுக்கு நாக்கு நுனி தூக்கி பின்னால போகணும், அந்த அசைவு எ ஓடிட்டு இருக்கும்போதே தொடங்கிருது. 1980கள்ல பிரவ்மன், கோல்ட்ஸ்டைன்னு ரெண்டு ஒலியியல் ஆராய்ச்சிக்காரங்க பேச்ச இப்படித்தான் பாக்கணும்னு சொன்னாங்க, ஒவ்வொரு ஒலியும் வாய்க்குள்ள நடக்க ஒரு அசைவு, அதுக்குன்னு ஒரு கால அளவு உண்டு, ஒண்ணு முடியாம இன்னொண்ணு மேல ஏறிக்கிடும்.

எனக்கு தெரிய வேண்டியது, பொட்டிங்கதுல ட இழுத்ததால எ பின்னால போச்சா, இல்ல பேசுறவர் மனசுலயே அது ஒ தானா? காதுல கேட்டா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். ரெக்கார்டிங்க மட்டும் வச்சி இத பிரிக்கது ரொம்ப கஷ்டம், ஏன்னா ப மூடியிருக்கும்போது நாக்கு எங்க இருக்குன்னு சத்தத்துல தெரியாது. அல்ட்ராசவுண்ட்ல தெரியும். ப-வுக்கு உதடு மட்டும் போதும், நாக்குக்கு வேலை இல்ல, அதனால உதடு மூடியிருக்கும்போதே நாக்கு அடுத்த உயிரெழுத்துக்கு தயாரா போய் நின்னுக்கிடும். உதடு மூடியிருக்க அந்த பிரேம்ல நாக்கு மேடு, அதாவது நாக்கு வளைஞ்சி ஒசந்து நிக்க எடம், முன்னாடி இருந்தா அவர் தொடங்குனது எ, பின்னாடி இருந்தா ஒ. நான் இந்த மெஷின விடாம வச்சிருக்க காரணமே இந்த ஒரு பிரேம்தான்.

இப்ப மெஷின் பத்தி. கருவுல இருக்கது ஆணா பொண்ணான்னு பாக்கத தடுக்க 1994-ல வந்த சட்டம் இருக்கதால, நாக்கு பாக்கதுக்குத்தான்னாலும் நாம பாட்டுக்கு ஒண்ண வாங்கி வீட்டுல வச்சிக்கிட முடியாது, பதிவு பண்ணுன எடத்துல டாக்டர் பொறுப்புலதான் இருக்கணும். நான் பாளையங்கோட்டைல தெரிஞ்ச டாக்டரோட ஸ்கேன் சென்டர்ல சாயங்காலம் கூட்டம் கொறஞ்சதும் எடுக்கேன். புரோப் சின்ன வளைவா இருக்கணும், வயிறு பாக்குற பெரிய புரோப் தாடைக்கு அடியில சரியா ஒக்காராது. ஆழம் 8, 9 சென்டிமீட்டர் போதும். அப்புறம் முக்கியமா பெர்சிஸ்டன்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கும், படம் வழுவழுன்னு தெரியணும்னு முந்தின பிரேம்கள சேத்து சராசரி போடுற வேலை அது, ஈரல் பாக்க நல்லது, நாக்கு பாக்க விசம். அத சுத்தமா அணைச்சிரணும், இல்லன்னா ரெண்டு அசைவு ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதான்னு பாக்க போன எடத்துல மெஷினே ரெண்டு பிரேம ஏத்தி வச்சிரும்.

ஆஸ்பத்திரி மெஷின்ல இருந்து வீடியோவா எடுத்தா பொதுவா நொடிக்கு 30 பிரேம்தான், அதாவது ஒரு பிரேமுக்கு 33 மில்லிசெகண்ட். படம்ங்க சொல்லுல வர்ற ஒத்த ட அதுக்குள்ளயே முடிஞ்சிரும், சில நேரம் கண்ணுல சிக்காது. அதனால நான் ட்ட வர்ற சொல்லாத்தான் எடுக்கேன், நாக்கு அங்க நல்லா நின்னு போகும்.

பழகுறதுக்கு பேத்தி, பேட்டி ரெண்டையும் சொல்ல வச்சி பாருங்க. முன்னாடி ப, பின்னாடி இ, ரெண்டுலயும் ஒண்ணுதான், நெடில்ங்கதால ஏ-க்கு அஞ்சாறு பிரேம் கெடைக்கும். பேத்தில நாக்கு மேடு முன்னாடியே கடைசி வர நிக்கும். பேட்டில மொத ரெண்டு மூணு பிரேம் பேத்தி மாதிரியே இருக்கும், அப்புறம் முன்பக்கம் தாழ்ந்து மேடு பின்னால நகரும், கடைசில நுனி இருந்த எடம் கருப்பாயிரும். நுனி மேல தூக்குனதும் அதுக்கு அடியில காத்து வந்துரும், அல்ட்ராசவுண்ட் காத்த தாண்டாது, அதான் காரணம். அப்படின்னா மடிஞ்ச நுனிய இந்த மெஷின்ல நேரா பாக்கவே முடியாது, நாக்கு உடம்ப வச்சித்தான் சொல்லணும். கூடவே பேட்டைங்கதயும் எடுத்து பாத்தா, ட்ட-வுக்கு அந்தப்பக்கம் இருக்க உயிரெழுத்து மாறுனதுக்கே முந்தின ஏ லேசா மாறுறது சில பேர்கிட்ட தெரியும். 1966-லயே ஓமன்னு ஒரு ஒலியியல் ஆராய்ச்சிக்காரர், ஸ்வீடிஷ் பேச்சையும் இங்கிலீஷ் பேச்சையும் வச்சி, சத்தத்த படமா வரையுற ஒலிப்படத்துல இத காட்டிட்டாரு. அதனாலதான் ஒப்பிடுற சொல்லுல பின்னாடி வர்ற உயிரெழுத்தும் ஒண்ணாவே இருக்கணும்.

பெட்டிக்கு வருவோம். எழுதுன அட்டைய காட்டுனா பெட்டின்னு படிப்பாங்க, ஓலப்பெட்டிய கைல குடுத்து "இது என்ன ஆச்சி?"ன்னு கேட்டாத்தான் பொட்டி வரும். ஒரு ஆச்சி, "பொட்டிதான்யா, இதுகூட தெரியாதா ஒனக்கு, இத சொல்ல எதுக்கு தாடையில எண்ணெய தடவுத?"ன்னு கேட்டாவ. அவங்க பொட்டில, உதடு மூடியிருக்க பிரேம்லயே நாக்கு மேடு பின்னால போயிருந்துச்சு, கூடவே எடுத்த, ஒ-வே இருக்க பொம்மங்க சொல்லுல போன மாதிரியே. ட இழுத்துட்டு போனதுக்கு அடையாளமே இல்ல, அவங்களுக்கு அந்த சொல்லுல இருக்கது ஒ தான். அவங்க பேரன் அட்டைய பாத்து வேகமா படிச்ச பெட்டி வேற கதை, ப-வுல மேடு முன்னாடி, உதடு தொறந்த அடுத்த பிரேம்லயே பாதி தூரம் பின்னால. குறில்ங்கதால எ-வுக்கு மூணு பிரேம்கூட முழுசா இல்ல, அது நிக்க நேரமே இல்லாம ட வந்து ஏறிருது. பேட்டி போட்டி ஆகாம தப்பிச்சதுக்கு நெடிலோட நேரமும் ஒரு காரணம்னு நான் நெனைக்கேன், ஆனா சென்னைப் பக்கம் நெடிலா இருந்தும் வீடு வூடாகுதே, அதனால அது மட்டுமே காரணம்னு சொல்லமாட்டேன்.

பொட்டில உதட்டுக்கும் பங்கு இருக்கு, ப மூடித் தொறக்குற அசைவு உயிரெழுத்து மேல படியுது. வ-வுக்கு உதடு முழுசா மூடாது, வெட்டியும் வொட்டி ஆகல, அதையும் சேத்து யோசிக்கணும். ஆனா உதடு அல்ட்ராசவுண்ட்ல வராது, அதுக்கு முகத்துக்கு நேரா ஒரு கேமரா தனியா வேணும், நானும் இப்ப வைக்கேன்.

நம்ப முடியாத படம் எதுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ஆரம்பத்துல ஒரு வாய் தண்ணி முழுங்க சொல்லுங்க, காத்து இருந்த எடத்துல தண்ணி நிக்கதால மேலண்ணத்தோட கோடு தெரியும், அத வரைஞ்சி வச்சிக்கிடுங்க. கடைசிலயும் அதே மாதிரி எடுங்க. ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு ஒக்காரலன்னா நடுவுல புரோப் நகந்துட்டுன்னு அர்த்தம், அந்த செட்டுல நாக்கு பின்னால போச்சா புரோப் முன்னால வந்துச்சான்னு சொல்லவே முடியாது, தூக்கி போட்டுருங்க. தலையில மாட்டுற ஸ்டாண்ட் இருந்தா இது கொறையும், ஆனா வயசானவங்களுக்கு ரொம்ப நேரம் மாட்டி வைக்க எனக்கு மனசு வரதில்ல. வாய் காஞ்சா கோடு மங்கும், தண்ணி அடிக்கடி குடுங்க.

அடுத்து பொறந்த, பொறகு மாதிரி ற வர்ற சொல்லுக எடுக்கணும். ற-வுக்கு நுனி அவ்வளவு மடியாது, ஆனாலும் பிறந்த பொறந்தவாகுது. அங்கயும் ப மூடுன பிரேம்லருந்துதான் ஆரம்பிக்கப் போறேன்.