பிரெடிக்ஸில் ஓசி பாஸ்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

புதுச்சேரியில் நாங்கள் ஆண்டுதோறும் நடத்தும் தொழில்நுட்பக் கூடுகைக்கு டிக்கெட் வேலை முழுக்க பிரெடிக்ஸ் என்ற திறமூல மென்பொருளில்தான். விற்பனைப் பக்கத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஒழுங்காக ஓடுகிறது. எனக்கு அது உண்மையில் உதவுவது இலவச பாஸ் விஷயத்தில்.

பலரும் செய்வது, விற்கிற டிக்கெட்டுக்கே நூறு சதவீதத் தள்ளுபடி கோடு கொடுப்பது. அப்படிச் செய்தால் 'பொது டிக்கெட்' கணக்கில் காசு கொடுத்தவரும் ஸ்பான்சரின் மைத்துனரும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். நான் 'அழைப்பு பாஸ்' என்று தனி டிக்கெட் வகையை விலை 0 என வைத்து, வவுச்சர் என்ற அழைப்புக் கோடு இருந்தால் மட்டும் தெரியும்படி மறைத்துவிடுகிறேன்.

அடுத்தது கோட்டா. அரங்கில் 300 இருக்கை. இரண்டு வகையும் சேர்ந்த 300 கோட்டா ஒன்று, அழைப்பு பாஸுக்கு மட்டும் 80 கோட்டா இன்னொன்று. ஸ்பான்சர்களுக்கு 45, துணையோடு வரும் பேச்சாளர்களுக்கு 24, சிறப்பு விருந்தினர்களுக்கு 11. வவுச்சர் போடும்போது Reserve ticket from quota என்பதை டிக் செய்தால் அந்த இடங்கள் அப்போதே ஒதுங்கிவிடும், விற்பனைக்கு 220 மட்டும் மிஞ்சும். கமிட்டியில் யாராவது "தம்பி, இன்னும் ரெண்டே ரெண்டு பாஸ்" என்று வந்தால், 81-வது பாஸுக்கான வவுச்சரை மென்பொருளே ஏற்காது. பதில் சொல்லும் சங்கடம் எனக்கில்லை. ஆனால் Allow to bypass quota என்ற தேர்வும் அங்கேயே இருக்கிறது. வவுச்சர் போடும் அனுமதியை அதனால் இரண்டு பேருக்கு மேல் நான் தருவதில்லை.

ஒவ்வொரு ஸ்பான்சருக்கும் தனி Tag. கடலூர் நகைக்கடை ஒன்றுக்கு 15 பாஸ் என்றால் ஒரே கோடு, Maximum usages 15. Valid until நிகழ்ச்சிக்கு ஐந்து நாள் முன்பு. ஒருமுறை அவர்கள் எடுத்தது 6 தான். கெடு முடிந்ததும் மீதி 9 தானாக விற்பனைக்குத் திரும்பின, கடைசி நேரத்தில் அவை காசாகின. கோடு வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் ஆபத்து இதில் உண்டு. பாஸ் ஒவ்வொன்றுக்கும் பெயர் கட்டாயம் என வைத்தால், யார் எடுத்தார்கள் என்றாவது தெரிந்துவிடும்.

நுழைவாயிலில் அழைப்பு பாஸுக்கு மட்டும் தனி செக்-இன் பட்டியல் வைக்கிறேன். எடுத்த 6 பேரில் வந்தவர் 4 என்பது அங்கேதான் தெரியும். மறு ஆண்டு ஒப்பந்தம் பேசும்போது அந்தக் கடைக்கு 15 அல்ல, 8 என்று தயங்காமல் சொல்ல முடிந்தது.

சிறப்பு விருந்தினரிடம் மட்டும் இந்த முறை எடுபடாது. பெரியவர்கள் லிங்கைத் திறந்து படிவம் நிரப்ப மாட்டார்கள், அவர்களுக்குரிய வவுச்சரை நாங்களே பதிந்து தாளில் அச்சடித்துக் கொடுக்கிறோம். கூடவே உதவியாளர், உறவினர் என்று இருவர் சொல்லாமல் வருவார்கள். அந்த 11-ல் நான்கை நிகழ்ச்சி நாள் காலை வரை கெடு வைத்து, பெயரில்லாமல் பிடித்து வைத்திருப்பது அவர்களுக்காகத்தான்.