கூட்டலா, பெருக்கலா: தின்பதா, ஓடுவதா, கடிப்பதா என்று நாய் எப்படி முடிவெடுக்கும்?

பெங்களூரு அல்சூர் தெரு ஒன்றைக் களமாக வைத்த ஒரு கேமை எடுத்துக்கொள்வோம். தள்ளுவண்டி இட்லிக் கடைக்குக் கீழே எச்சில் இலை கிடக்கிறது. பசியோடு ஒரு தெருநாய் வருகிறது. கடைக்காரர் கம்போடு நிற்கிறார். நாயின் அளவுகள் எல்லாம் 0 முதல் 1 வரை: பசி 0.9, உணவின் அருகாமை 0.9, ஆபத்து 0.8, உடல்பலம் 0.7, கோபம் 0.4.

தின்பதற்குப் பசி, அருகாமை, பாதுகாப்பு (1 - ஆபத்து) மூன்றும் காரணிகள். ஓடுவதற்கு ஆபத்து, பலவீனம் (1 - உடல்பலம்) இரண்டு. கடிப்பதற்கு ஆபத்து, உடல்பலம், கோபம் மூன்று. காரணிகளைச் சேர்த்து ஒவ்வொரு செயலுக்கும் ஒரு ஸ்கோர் போடுவோம்; எதன் ஸ்கோர் அதிகமோ, அதையே நாய் செய்யும்.

கூட்டிச் சராசரி எடுத்தால் தின்பது 0.67, கடிப்பது 0.63, ஓடுவது 0.55. ஓங்கிய கம்புக்குக் கீழே நாய் நிதானமாக இலையை நக்கிக்கொண்டிருக்கும். பாதுகாப்பு வெறும் 0.2 தான் என்றாலும் மற்ற இரண்டு 0.9-களும் அதை மூடிவிடுகின்றன. எந்தக் காரணிக்கு எவ்வளவு எடை என்பதை எப்படி மாற்றினாலும் இந்தக் குறை வேறொரு சூழலில் தலைகாட்டும்.

பெருக்கினால் தின்பது 0.162, கடிப்பது 0.224, ஓடுவது 0.24. பாதுகாப்பு குறைந்ததும் தின்பது சரிகிறது, அதனால் நான் பெருக்கலைத்தான் தேர்வு செய்வேன். ஆனால் ஓடுவது ஜெயித்ததற்குப் பாதிக் காரணம் அதற்கு இரண்டே காரணிகள் என்பது. ஒன்றுக்குக் குறைந்த எண்களை எவ்வளவு பெருக்குகிறோமோ, அவ்வளவு சிறுக்கும். இப்படி ஸ்கோர் போட்டு முடிவெடுப்பதற்குப் பெயர் யூட்டிலிட்டி முறை. கேம் ஏஐ வடிவமைப்பாளர் டேவ் மார்க்கின் யூட்டிலிட்டி முறையில் இந்தச் சிறுத்தலுக்கு ஓர் ஈடு உண்டு. n என்பது காரணிகளின் எண்ணிக்கை, score என்பது பெருக்கி வந்த எண்:

```
m = 1 - 1/n
final = score + (1 - score) * m * score
```

இப்போது கடிப்பது 0.340, ஓடுவது 0.331, தின்பது 0.253. முடிவே மாறிவிட்டது. ஓரளவு பலமுள்ள நாய் எதிர்த்து நிற்பது நம்பும்படியாகவும் இருக்கிறது.

இடைவெளி 0.009 தான் என்பதைக் கவனியுங்கள். உடல்பலம் 0.68-க்கு இறங்கினாலே ஓடுவது 0.351, கடிப்பது 0.331 என்று புரளும். உடல்பலம் மெல்ல ஏறி இறங்கும் கேமில் நாய் இரண்டடி ஓடி, திரும்பி உறுமி, மறுபடி ஓடும். திரையில் அனிமேஷன் விட்டுவிட்டு வெட்டினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும் செயலின் ஸ்கோரை 1.1-ஆல் பெருக்கினால் போதும்: 0.331 என்பது 0.364 ஆகி, நாய் கடிப்பதிலேயே நிற்கும். அடிபட்டு உடல்பலம் 0.4 ஆனதும் ஓடுவது 0.605, கடிப்பது போனஸோடும் 0.22, தயங்காமல் ஓடிவிடும்.

பெருக்கலில் இன்னொரு பொறி பூஜ்யம். உடல்பலம் 1 என்றால் பலவீனம் 0. எத்தனை பேர் சூழ்ந்தாலும் அந்த நாய் ஓடவே ஓடாது. அதனால் பலவீனத்துக்கு 0.2 என்று ஒரு அடிமட்டம் வையுங்கள். உணவே இல்லாதபோது அருகாமைக்கு மட்டும் உண்மையான 0 இருக்கட்டும். அங்கே தின்பது முழுக்கத் தடைபட வேண்டியதுதான்.