எண்டரா, ஷிஃப்ட்+எண்டரா: தண்டர்பேர்டில் ஆறு வருடக் கடிதப் போக்குவரத்து

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் கடிதங்களை ஆறு வருடமாக நான்தான் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று நம் கடித வடிவமே குட்டிக் குட்டி வரிகளால் ஆனது. ஆரம்பத்தில் முகவரியின் ஒவ்வொரு வரிக்கும் எண்டர் தட்டினேன். வரிக்கு வரி ஒரு வெற்று வரி அளவு இடைவெளி விழுந்தது. கடிதத்தை அச்செடுத்துப் பார்த்த எங்கள் தலைவர், “ஏன் சார், முகவரிக்கே அரைப் பக்கமா?” என்று கேட்டார்.

நானும் வரி இடைவெளியைக் குறைக்கும் பொத்தான் எங்கே என்று ரொம்ப நாள் தேடினேன். தேடியதே தப்பு. நான்கைந்து வரிக்குத் தானாக மடிந்து போகும் ஒரு நீளமான பத்தியைத் தட்டச்சு செய்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பத்திக்குள் வரிகள் நெருக்கமாகவே இருந்தன. நான் எண்டர் தட்டிய இடத்தில் மட்டும்தான் இடைவெளி. அதாவது அது வரி இடைவெளியே இல்லை, பத்தி இடைவெளி. உங்கள் மெயிலிலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். மடிந்த வரிகளும் விலகித் தெரிந்தால் அது வேறு கோளாறு.

தண்டர்பேர்டில் எண்டர் புதிய பத்தியைத் தொடங்குகிறது. ஷிஃப்ட்+எண்டர் அதே பத்திக்குள் வரியை மட்டும் உடைக்கிறது. மெயிலுக்குள் HTML ஆக இப்படி இருக்கும், முதலில் எண்டர், அடுத்தது ஷிஃப்ட்+எண்டர்:

```html
<p>பெறுநர்</p>
<p>கிளை மேலாளர் அவர்கள்</p>

<p>பெறுநர்<br>
கிளை மேலாளர் அவர்கள்</p>
```

`<p>` என்றாலே மேலும் கீழும் ஓர் எழுத்தளவு இடம் விடுவது வழக்கம். பக்கத்துப் பக்கத்துப் பத்திகளின் இடங்கள் கூடாமல் ஒன்றாகிவிடும். ஆனாலும் கண்ணுக்கு அது ஒரு வரி காலியாக விட்டது போலத்தான் தெரியும். பழக்க தோஷத்தில் எண்டரை இரண்டு முறை தட்டினால் நடுவில் ஒரு வெற்றுப் பத்தியும் சேர்ந்து பெரிய பள்ளம் விழும்.

ஏற்கெனவே விலகிப் போன முகவரியை அழித்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம். இரண்டாவது வரியின் தொடக்கத்தில் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் அழுத்தினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அங்கேயே ஷிஃப்ட்+எண்டர். ஐந்து வரி முகவரிக்கு நான்கு முறை, அவ்வளவுதான்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு அமைப்புகளில் Composition பகுதியில் ஒரு வழி உண்டு: `Use Paragraph format instead of Body Text by default` என்ற டிக்கை எடுத்துவிடலாம். அப்புறம் எண்டரே வரியை மட்டும் உடைக்கும், பத்தி வேண்டுமென்றால் இருமுறை தட்ட வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன். சின்னப் பதில்களுக்கு வசதிதான். ஆனால் இரண்டு பக்கச் சுற்றறிக்கை எழுதும்போது சில பத்திகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி, சிலவற்றுக்கு இரண்டு என்று என் விரல் போன போக்கில் போய்விடும். டிக்கைத் திரும்பப் போட்டுவிட்டேன். இப்போது முகவரி, கையொப்பம், வங்கிக் கணக்கு விவரம் மூன்றுக்கும் ஷிஃப்ட்+எண்டர், மற்ற எல்லாவற்றுக்கும் எண்டர். விரலுக்குப் பழக ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இன்னும் முழுதாகத் தீராதது வேர்டிலிருந்து ஒட்டும் விவகாரம். வேர்டிலும் எண்டர் என்றால் பத்திதான். அதன் இடைவெளி எவ்வளவு என்பது தனியாக ஒரு ஸ்டைலில் இருக்கும். ஒட்டும்போது என் திரையில் எல்லாம் நெருக்கமாக, அழகாக இருக்கும். பெறுபவரின் மெயில் அந்த ஸ்டைலைக் கழற்றிவிட்டால் பத்திகள் தம் இயல்பான இடைவெளிக்குத் திரும்பிவிடும். அவர் விரிந்து கிடக்கிறது என்பார், நான் இல்லையே என்பேன். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அதனால் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+V போட்டு வெறும் எழுத்தாக ஒட்டிக்கொள்கிறேன். தடித்த எழுத்து, அட்டவணை எல்லாம் போய்விடும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

ஷிஃப்ட்+எண்டர் ருசி கண்டவர்கள் எல்லா இடத்திலும் அதையே தட்டுவதையும் பார்க்கிறேன். எங்கள் பொருளாளர் வேர்டில் முழு அறிக்கையையும் அப்படியே தயாரித்து அனுப்பினார். தலைப்பை மட்டும் நடுவில் வைக்கப் போனேன், அறிக்கை மொத்தமும் நடுவுக்கு வந்து நின்றது. வேர்டைப் பொறுத்தவரை அது ஒரே பத்தி. கண்ட்ரோல்+ஷிஃப்ட்+8 அழுத்தியதும் வரிக்கு வரி பத்திக் குறியான ¶ இருக்க வேண்டிய இடத்தில் வளைந்த அம்புக்குறிகள் தெரிந்தன. Find and Replace பெட்டியில் வரி உடைப்பைக் குறிக்கும் `^l` என்பதற்குப் பதில் பத்தியைக் குறிக்கும் `^p` என்று கொடுத்து எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றினேன். முகவரியும் சேர்ந்து மாறிவிட்டது, அதை மட்டும் கையால் திருத்தினேன்.