பணம் போடும் இயந்திரம் குறைத்துக் காட்டினால்: உறுதி செய்வதா, ரத்து செய்வதா?

500 மதிப்புள்ள 40 நோட்டுகளை வைக்கிறீர்கள். 20,000 வரவேண்டிய இடத்தில் திரை 19,000 காட்டுகிறது. கீழே ‘உறுதி செய்’, ‘ரத்து செய்’ என இரண்டு பொத்தான்கள். கை தானாக முதல் பொத்தானுக்குப் போகும். அதற்கு முன் இயந்திரம் வெளியே தள்ளிய நோட்டுகளை எண்ணுங்கள்.

இரண்டு நோட்டுகள் வந்திருந்தால் எதுவும் தொலையவில்லை. மடிப்பு, ஒட்டுநாடா, ஈரம் இருந்தால் நல்ல நோட்டையும் இயந்திரம் திருப்பிவிடும். நீவி, புரட்டி மறுபடி போடலாம்; உறுதி செய்வதில் ஆபத்து இல்லை.

ஒன்றுதான் வந்தது என்றால் இன்னொன்று உள்ளே இருக்கிறது. இங்கேதான் இரண்டு பொத்தான்களும் பிரிகின்றன. எண்ணப்பட்ட நோட்டுகளைப் பல இயந்திரங்கள் நீங்கள் உறுதி செய்யும்வரை தற்காலிக அறையில் வைத்திருக்கும். ரத்து செய்தால் அவை திரும்பி வரும். இரண்டு நோட்டுகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக எண்ணப்பட்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். ஆனால் திரும்பும் பணத்தை உடனே எடுக்க வேண்டும். தாமதித்தால் இயந்திரம் உள்ளே இழுத்துக்கொள்ளும், பிறகு 500 அல்ல, முழுத் தொகைக்கும் புகார் எழுத வேண்டியிருக்கும்.

ரத்து செய்தும் ஒன்று குறைந்தால்? வழியில் சிக்கியிருக்கலாம், அல்லது கள்ளநோட்டு என்ற சந்தேகத்தில் தனிப் பெட்டிக்குப் போயிருக்கலாம். ஐரோப்பிய மத்திய வங்கியின் விதியில், நோட்டாகவே அடையாளம் தெரியாதது திரும்பி வரும். கள்ளநோட்டு என்று சந்தேகிக்கப்படுவது திரும்பி வராது, கணக்கிலும் வரவாகாது. எல்லா இயந்திரங்களும் இப்படிப் பிடித்துவைப்பதில்லை. சில, சந்தேக நோட்டையும் திருப்பித் தந்துவிடும்.

உறுதி செய்துவிட்டுப் புகார் கொடுப்பது மற்ற வழி. அதன் முடிவைத் தீர்மானிப்பது இயந்திரத்தின் கணக்குச் சரிபார்ப்பு. நோட்டு சிக்கியிருந்தால், பதிவில் உள்ளதைவிட 500 அதிகமாக இருக்கும். அது உங்களுக்கு வந்து சேரும். கள்ளநோட்டு என்றால் அப்படி உபரி இருக்காது, பணமும் வராது. ரசீதில் மதிப்புவாரியாக எத்தனை நோட்டுகள் என்று அச்சாகியிருந்தால் அதுவே உங்கள் முதல் சான்று. ‘குறைந்தது’ என்று மட்டும் எழுதாமல், 40 போட்டேன், 38 எண்ணியது, ஒன்று திரும்பியது என்று நேரத்தோடு எழுதுங்கள். கேமராப் பதிவையும் கேளுங்கள். அது நிரந்தரமாக இருக்காது.

வங்கிக் கவுண்டர் இந்த இரண்டையும்விட மெதுவானது. அங்கும் கள்ளநோட்டுக்குப் பணம் கிடைக்காது. ஆனால் எந்த நோட்டு என்பது கண்முன்னே தெரியும். இந்திய ரிசர்வ் வங்கி விதிப்படி, அதில் முத்திரை குத்திப் பறிமுதல் செய்து, ஒப்புகைச் சீட்டும் தர வேண்டும். இயந்திரம் விழுங்கிய நோட்டைப் பற்றி இவ்வளவு தெளிவு எளிதில் கிடைக்காது. கட்டுக்கட்டாகப் பழைய நோட்டுகள் வைத்திருப்பவருக்கு நான் கவுண்டரையே சொல்வேன். ஒரு நோட்டு கூட வெளியே வராமல் தொகை குறைந்தால், முதலில் ரத்து செய்து அங்கேயே, கேமரா பார்க்க எண்ணுவதுதான் என் தேர்வு.