ஒரே சாக்கெட்டில் நான்கு ஐசி: 1458, 4558, 072, 5532 நீண்டகாலப் பயன்பாட்டில்

காரைக்குடி, தேவகோட்டை, குன்றக்குடி வட்டாரத்தில் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போய்வரும் மைக் செட் மிக்ஸர்களில் இந்த நான்கும் மாறி மாறி உட்காரும். நான்குமே இரட்டை ஆப்-ஆம்ப், எட்டுக்கால், கால் வரிசையும் ஒன்றே. அதனால் ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகுவது எளிது. எதற்காக மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றுகிறவர்கள்தான் குறைவு.

முதலில் வழக்கமான புகார்: "சத்தம் வருது, தெளிவு இல்லை." பேச்சில் ச, ஸ ஒலிகள் மங்கும், தாளத்தின் கணீர் குறையும். மைக்கில் இருந்து வரும் சில மில்லிவோல்ட்டை 1458-இன் ஒரே நிலையில் 100 மடங்கு பெருக்கும் மிக்ஸர்களில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். காரணம் ஐசியின் உள்ளேயே இருக்கிறது.

1458 என்பது ஒரே கூட்டில் இரண்டு 741. ஒவ்வொன்றின் உள்ளேயும் சுமார் 30 பிகோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் ஃபீட்பேக் கொடுத்ததும் ஐசி தானே ஆசிலேட் ஆகத் தொடங்கிவிடும். அந்த நிதானத்துக்குக் கொடுக்கும் விலை இது: ஃபீட்பேக் இல்லாத கெயின் சுமார் 2 லட்சம் என்றாலும், அது 5 ஹெர்ட்ஸ் வரைதான் நிற்கும். அதற்கு மேல் அதிர்வெண் பத்து மடங்கானால் கெயின் பத்தில் ஒரு பங்காகும். இரண்டையும் பெருக்கினால் எங்கும் ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ். கெயின்-பேண்ட்வித் பெருக்கல் என்பது இதுதான்.

10 கிலோஹெர்ட்ஸில் 1458-இன் கையில் மிச்சமிருப்பதே 100 மடங்குதான். நாம் கேட்பதும் 100 மடங்கு. ஃபீட்பேக் சரிசெய்ய அங்கே உபரி எதுவும் இல்லை. 1 மில்லிவோல்ட் கொடுத்தால் 100 மில்லிவோல்ட்டுக்குப் பதில் 71 மில்லிவோல்ட்தான் வெளியே வரும். ஸ்கோப்பில் பார்த்தால் சைன் வேவ் அழகாகவே இருக்கும். உயரம்தான் குறைந்திருக்கும், ஃபேஸும் 45 டிகிரி பின்தங்கியிருக்கும்.

இதற்கு ஐசி மாற்றுவதற்கு முன் வேறொரு வழி பாருங்கள். கெயினை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியில் 10, அடுத்த பாதியில் 10 என வையுங்கள். ஒவ்வொன்றும் 100 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், இரண்டும் சேர்ந்து 64 கிலோஹெர்ட்ஸ். 10 கிலோஹெர்ட்ஸில் நின்ற அதே 1458-தான். இன்னொரு பாதி சும்மா கிடக்கும் போர்டில் சில ரெசிஸ்டர்களோடு வேலை முடியும். அதற்கு இடமில்லை என்றால் 072 அல்லது 4558, இரண்டுமே 3 மெகாஹெர்ட்ஸ், 100 மடங்கில் 30 கிலோஹெர்ட்ஸ் தரும். 5532-இன் 10 மெகாஹெர்ட்ஸ் அதே 100 மடங்கில் 100 கிலோஹெர்ட்ஸ் வரை போகும்.

இரண்டாவது வரம்பு வேறு ரகம். அதே கப்பாசிட்டரைச் சார்ஜ் செய்ய முதல் நிலையிலிருந்து கிடைக்கும் கரண்ட்டுக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. 741-இல் அது சுமார் 15 மைக்ரோஆம்பியர். அதை 30 பிகோஃபாரட்டால் வகுத்தால் மைக்ரோசெகண்டுக்கு 0.5 வோல்ட். உள்ளீடு எவ்வளவு அவசரப்படுத்தினாலும் வெளியீடு இதைவிட வேகமாக ஏறாது, இறங்காது. இதுதான் ஸ்லூ ரேட். ஒரு சைன் வேவ் கேட்கும் உச்ச வேகம் அதன் அதிர்வெண்ணையும் உச்ச வோல்ட்டையும் சேர்த்தே அமையும். அதனால் முழு வீச்சு கெடாமல் வரும் எல்லை இப்படி:

```
f = SR / (2π × Vp)
```

கெயின் 1, உச்சம் 10 வோல்ட் என்றால் 1458-க்கு 8 கிலோஹெர்ட்ஸ்தான். கெயின்-பேண்ட்வித் கணக்குப்படி அதே சர்க்யூட் 1 மெகாஹெர்ட்ஸ் போக வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 20 கிலோஹெர்ட்ஸ், 10 வோல்ட் சைன் வேவுக்கு மைக்ரோசெகண்டுக்கு 1.26 வோல்ட் வேகம் தேவை. 1458 அதைத் துரத்திப் பார்த்துத் தோற்று, 6.25 வோல்ட் உச்சமுள்ள முக்கோண அலையைத் தரும். அரை சுற்றான 25 மைக்ரோசெகண்டில் 0.5 வேகத்தில் 12.5 வோல்ட்தான் கடக்க முடியும், அதில் பாதி 6.25.

எந்த வரம்பில் மாட்டியிருக்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க அதிர்வெண்ணைத் தொடாமல் உள்ளீட்டை மட்டும் குறையுங்கள். மேலே சொன்ன முக்கோணம், உச்சம் 4 வோல்ட்டுக்குக் கீழே வந்ததும் சைனாகிவிடும், அப்படியானால் ஸ்லூ. உள்ளீட்டைக் குறைத்தும் வெளியீடு அதே விகிதத்திலேயே குறைபட்டு நின்றால் கெயின்-பேண்ட்வித். தலை தட்டையாக இருந்தால் இரண்டுமில்லை, அது சப்ளையில் முட்டும் கிளிப்பிங். நாகஸ்வரத்தை மைக்குக்கு மிக அருகில் வாசிக்கும்போது வரும் கரகரப்பு பெரும்பாலும் இந்தக் கிளிப்பிங்தான். அதற்கு வேகமான ஐசி போட்டுப் பயனில்லை. கெயினைக் குறைக்க வேண்டும்.

சொல்லப்போனால், மிக்ஸரின் உள்ளே 1 வோல்ட் மட்டத்தில் ஓடும் நிலைகளுக்கு ஸ்லூ ஒரு பிரச்சினையே அல்ல. 20 கிலோஹெர்ட்ஸிலும் 0.126 போதும், 1458-இடமே நான்கு மடங்கு இருக்கிறது. பெரிய வீச்சு தரும் கடைசி நிலையில்தான் இதைப் பார்க்க வேண்டும்.

அங்கேதான் 4558-க்கும் 072-க்கும் உள்ள வித்தியாசம் தெரியும். இரண்டும் 3 மெகாஹெர்ட்ஸ், ஆனால் ஸ்லூ 4558-இல் 1 முதல் 1.7, 072-இல் 13. கெயின்-பேண்ட்வித்தைத் தீர்மானிப்பது உள்ளீட்டு டிரான்சிஸ்டர் ஜோடியின் உணர்திறனை, அதாவது சிறு வோல்ட் மாற்றத்துக்கு அது எவ்வளவு கரண்ட்டை மாற்றுகிறது என்பதை, அந்தக் கப்பாசிட்டரால் வகுத்தது. ஸ்லூவைத் தீர்மானிப்பது அந்த ஜோடியின் மொத்தக் கரண்ட்டைக் கப்பாசிட்டரால் வகுத்தது. சாதா டிரான்சிஸ்டர் சிறிய கரண்ட்டிலேயே அதிக உணர்திறன் தரும், அதைக் கட்டுப்படுத்தப் பெரிய கப்பாசிட்டர் வேண்டும், ஸ்லூ அடிவாங்கும். 072-இன் உள்ளீட்டில் இருப்பது ஜேஃபெட். அதே கரண்ட்டில் அதன் உணர்திறன் குறைவு, அதனால் கரண்ட்டைத் தாராளமாக விடலாம். 4558-இல் கம்பெனிக்குக் கம்பெனி ஸ்லூ மாறுவதையும் கவனியுங்கள்: 1.26 தேவைப்படும் இடத்தில் 1.7 தாங்கும், 1.0 தாங்காது.

5532-இன் ஸ்லூ 9. இரைச்சலும் குறைவு, மைக் நிலைக்கு அதுவே எங்கள் தேர்வு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செருக வேண்டாம். அதன் உள்ளீட்டு பயாஸ் கரண்ட் சுமார் 200 நானோஆம்பியர். உள்ளீட்டில் 100 கிலோஓம் இருந்தால் 20 மில்லிவோல்ட் டிசி நிற்கும். கெயின் ரெசிஸ்டரோடு கப்பாசிட்டர் இல்லாத சர்க்யூட்டில் அது 100 மடங்காகி 2 வோல்ட்டாகும், வால்யூமைத் திருப்பும்போது கரகரக்கும். அந்த இடங்களில் 072 நல்லது. எதைச் செருகினாலும் சப்ளைக் கால்களுக்கு அருகிலேயே 0.1 மைக்ரோஃபாரட் வையுங்கள். 1458-இல் இல்லாவிட்டாலும் ஓடிய போர்டு, வேகமான ஐசி வந்ததும் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஆசிலேட் ஆகிச் சூடாகும்.

கடையில் 072 என்று அச்சிட்டுத் தருவது அதுதானா என்று பார்க்க, கெயின் 1-இல் வைத்து 10 வோல்ட் தாவும் ஸ்கொயர் வேவ் கொடுங்கள். நிஜ 072 அந்தத் தாவலை ஒரு மைக்ரோசெகண்டுக்குள் கடக்கும். 20 மைக்ரோசெகண்ட் ஆகும் சரிவு தெரிந்தால் உள்ளே இருப்பது 1458 வகைதான், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.